பேமிற் காணியும் உறுதிக் காணியும் உள்ள வீட்டுக்கு மரணசாசனம்

கேள்வி: “எங்கட அப்பாவுக்கு வயது 68. முத்தையன்கட்டுப் பக்கம் இரண்டு ஏக்கர் வயல், குடியிருக்கிற வளவு, வவுனியாவில் ஒரு சின்னக் காணி, ஒரு லான்ட்மாஸ்ரர். இவ்வளவுதான் சொத்து. எங்களைப்போலச் சாதாரணக் குடும்பத்துக்கும் மரணசாசனம் தேவையா? எழுதினால் அதில் என்ன என்ன இருக்க வேணும்?”

தேவை. ஆனால் எழுத உட்காருவதற்கு முதல் அப்பாவின் ரங்குப் பெட்டியைத் திறந்து எது அரசாங்கம் அனுமதிப்பத்திரத்தில் தந்த பேமிற் காணி, எது உறுதி எழுதி வாங்கிய உறுதிக் காணி என்று பிரித்து வையுங்கள். வன்னியில் மரணசாசனம் பிழைப்பது அநேகமாக இந்த இடத்தில்தான். நான் ஒரு நொத்தாரிசுவிடம் பதினெட்டு வருடம் கிளாக்கராக இருந்தவன். அப்படியிருந்தும் என் சொந்தச் சித்தப்பா வீட்டிலேயே இது பிழைத்தது. அந்தக் கதையைச் சொல்கிறேன், உங்கள் கணக்கும் கிட்டத்தட்ட அதுதான்.

சித்தப்பாவுக்கும் இரண்டு ஏக்கர் பேமிற் வயல். வவுனியாவில் கலியாணத்துக்குப் பிறகு உழைத்து வாங்கிய இருபது பேர்ச் உறுதிக் காணி. மூன்று பிள்ளைகள். மூத்தவள் அவரோடேயே நின்று வயல் செய்தாள். அடுத்தவன் பிரான்ஸில். கடைசிப் பொடியன் 2009இல் காணாமல் போனவன். 2016இல் சித்தப்பா படுக்கையில் கிடந்தபோது ஒரு கொப்பித் தாளில் தன் கைப்பட எழுதினார்: “வயல் மூத்த மகளுக்கு, வவுனியாக் காணி மனுசிக்கு.” கீழே கையெழுத்து வைத்தார். கிராம சேவகரும் ஒரு ஜே.பி.யும் சாட்சிக்குக் கையெழுத்து வைத்து முத்திரையும் குத்தினார்கள். நான் அப்போது கொழும்பில். செத்தவீட்டுக்குப் போனபோதுதான் அந்தத் தாளைக் கண்டேன். முத்திரை நல்ல நீலமாக, அழகாக விழுந்திருந்தது. சட்டத்தில் அது வெறுந்தாள்.

இலங்கையில் மரணசாசனம் எப்படிக் கையொப்பமிடப்பட வேணும் என்பதை 1840ஆம் ஆண்டின் மோசடித் தடுப்புக் கட்டளைச் சட்டம் சொல்கிறது. ஒரு வழி, நொத்தாரிசுவுக்கும் இரண்டு சாட்சிகளுக்கும் முன்னால் கையெழுத்து வைப்பது. நொத்தாரிசு இல்லாவிட்டால் ஐந்து சாட்சிகள் வேணும். எந்த வழியென்றாலும் எல்லாரும் ஒரே நேரத்தில், ஒரே இடத்தில் நின்று பார்த்துக் கையெழுத்து வைக்க வேணும். ஜே.பி.யின் முத்திரை நொத்தாரிசுவின் இடத்தை நிரப்பாது. கிராம சேவகரும் அங்கே ஒரு சாட்சிதான், அதற்கு மேல் ஒன்றுமில்லை. அன்றைக்கு அந்த அறையில் தேத்தண்ணி குடித்துக்கொண்டு நின்ற அயலவர் நாலைந்து பேர். அவர்களில் மூன்று பேர் பேனையை வாங்கியிருந்தால் அந்தக் கொப்பித் தாளே மரணசாசனமாகியிருக்கும். அதை நினைத்தால் எனக்கு இன்றும் வயிறு எரியும்.

தாள் செல்லாது என்றானதும் சொத்து சட்டம் போன வழியில் போனது. வடக்குத் தமிழரின் வழமைச் சட்டமான தேசவழமைப்படி வவுனியாக் காணி தேடியதேட்டம், அதாவது கலியாணத்துக்குப் பிறகு தேடிய சொத்து. தேடியதேட்டத்தில் கணவன் மனைவி பங்கு எவ்வளவு என்பதில் நீதிமன்றத் தீர்ப்புகளே ஒன்றுபோல இருந்ததில்லை. சித்திக்குக் குறைந்த கணக்கில் பாதி என்று வைத்தாலும், மிச்சப் பாதி மூன்று பிள்ளைகளுக்கும் ஆறிலொன்று வீதம் போகிறது. பிரான்ஸில் இருப்பவன் அற்றோணித் தத்துவம் அனுப்பிவிட்டான். காணாமல் போனவனின் ஆறிலொன்றுக்கு யார் கையெழுத்து வைப்பது? மரணச் சான்றிதழ் எடுக்கச் சித்தி சம்மதிக்கவில்லை. எந்தத் தாய் சம்மதிப்பாள். 2016ஆம் ஆண்டுச் சட்டத்தின்படி கிடைக்கும் ‘காணாமற்போனமைக்கான சான்றிதழ்’ சில காரியங்களுக்கு உதவும். ஆனால் வாங்க வந்தவர் அந்த ஆறிலொன்றைக் கேட்டதும் பின்வாங்கிவிட்டார். தாள் செல்லுபடியாகியிருந்தால் இந்தக் கேள்விக்கே இடமில்லை. 1844ஆம் ஆண்டின் மரணசாசனக் கட்டளைச் சட்டம் ஒருவர் தன் பங்கைத் தான் விரும்பியவருக்கு எழுத முழுச் சுதந்திரம் தருகிறது. பிள்ளைக்குக் கட்டாயப் பங்கு என்று எங்கள் நாட்டில் இல்லை.

இதில் இன்னொரு சங்கதி. அப்பாவின் பரம்பரைச் சொத்து, அதாவது முதுசம், இருந்தால் தேசவழமையில் பிள்ளைகள் இருக்கும்போது மனைவிக்கு அதில் பங்கு வராது. ஆனால் 1977க்குப் பிறகு மலையகத்திலிருந்து வன்னிக்கு வந்து குடியேறிய குடும்பம் என்றால் தேசவழமை பொருந்துமா, 1876ஆம் ஆண்டுப் பொதுச்சட்டம் பொருந்துமா என்பதே ஒரு வழக்காகும். பொதுச்சட்டத்தில் முதுசமோ தேட்டமோ, இறந்தவரின் சொத்தில் பாதி மனைவிக்கு. எழுதி வைத்தவர் வீட்டில் இந்தச் சண்டைக்கு வேலை குறைவு.

இனி வயல். பேமிற் காணி 1935ஆம் ஆண்டின் காணி அபிவிருத்திக் கட்டளைச் சட்டத்தின் கீழ் வருவது. அது உங்கள் தேசவழமையையும் பார்க்காது, பொதுச்சட்டத்தையும் பார்க்காது. அதற்குத் தனி வழி. உரிமையாளர் உயிரோடு இருக்கும்போதே தனக்குப் பிறகு காணியைப் பெறும் பின்னுரித்தாளர் ஒருவரைப் பெயர் குறித்து, படிவத்தை மூன்று பிரதியில் நிரப்பிக் கையெழுத்து வைத்து, அவர் கண் மூடுவதற்கு முதல் காணிப் பதிவகத்தில் பதிந்துவிட வேணும். விண்ணப்பம் பிரதேச செயலகத்தின் காணிப் பிரிவில். பதியாமல் மேசையில் கிடந்த படிவத்தை நம்பியிருந்த குடும்பங்களைப் பார்த்திருக்கிறேன். யாரையும் போடவும் முடியாது: மனைவி, அல்லது சட்டத்தின் அட்டவணையில் உள்ள உறவு. அனுமதிப்பத்திரத்தில் பிரிக்கக்கூடிய ஆகச் சிறிய அளவு போட்டிருந்தால் அதற்குக் கீழே துண்டாக்கவும் முடியாது. ஆகவே “வயலை மூன்று பிள்ளைகளுக்கும் சமனாக” என்று மரணசாசனத்தில் எழுதுவது மனத்திருப்திக்கு மட்டும்.

பெயர் குறித்தாலும் குறிக்காவிட்டாலும் முதலில் மனைவிக்கு ஆயுள் உரிமை. ஆனால் இறந்த நாளிலிருந்து ஆறு மாதத்துக்குள் அவர் காணியைக் கையேற்க வேணும், விட்டால் உரிமை அடுத்தவருக்குப் போய்விடும். ஆயுள் உரிமையை விற்கவும் முடியாது, எழுதிக் கொடுக்கவும் முடியாது. பின்னுரித்தாளர் இல்லாவிட்டால் சித்தப்பா இறந்த காலத்து அட்டவணையில் ஆண் பிள்ளைகள் முதலில், பெண் பிள்ளைகள் பிறகு. இருபது வருடம் சேற்றில் நின்ற மூத்த மகளை விட்டு, சித்திக்குப் பின் வயல் பிரான்ஸுக்குப் போகிறது. 2022இல் சட்டத்தைத் திருத்தி ஆண், பெண் என்ற வித்தியாசத்தை எடுத்துவிட்டார்கள், இப்போது வயதில் மூத்த பிள்ளைக்கு முதலிடம். உங்கள் வீட்டில் வயல் செய்கிறவர் இளையவர் என்றால் அந்தத் திருத்தம் அவருக்கு உதவாது, பெயர் குறிக்கத்தான் வேணும்.

அப்பாவின் குடியிருக்கும் வளவும் பேமிற்றாக இருக்கலாம், பாருங்கள். அப்படியானால் மரணசாசனத்துக்கு மிஞ்சுவது வவுனியாக் காணி, லான்ட்மாஸ்ரர், நகை, ரொக்கம். வங்கிக் கணக்குக்கும் ஊழியர் சேமலாப நிதிக்கும் அந்தந்த இடத்திலேயே பெயர் குறித்துவிடலாம்.

எழுதுவது இரண்டு பக்கத்துக்கு மேல் வராது. தொடக்கத்தில் அப்பாவின் முழுப்பெயர், அடையாள அட்டை இலக்கம், முகவரி. அடுத்து ஒரு வரி: “இதற்கு முன் நான் எழுதிய மரணசாசனங்கள் யாவற்றையும் இத்தால் இரத்துச் செய்கிறேன்.” பிறகு நிறைவேற்றுநர் யார் என்று. மரணசாசனத்தை மாவட்ட நீதிமன்றத்தில் கொடுத்து, அங்கீகாரம் பெற்று, கடனைக் கட்டி, மிச்சத்தைப் பங்கிடுகிறவர் அவர்தான். சொத்துப் பெறுகிற பிள்ளையே நிறைவேற்றுநராகவும் இருக்கலாம். வெளிநாட்டில் இருப்பவரை மட்டும் போடாதீர்கள், ஒவ்வொரு தவணைக்கும் அலைச்சல்.

சொத்தைச் சொல்லும் இடத்தில்தான் கவனம் வேணும். “வவுனியாக் காணி” என்று எழுதினால் போதாது. உறுதி இலக்கம், திகதி, எழுதிய நொத்தாரிசுவின் பெயர், விஸ்தீரணம், நாலு எல்லை, எல்லாம் உறுதியைப் பார்த்து அப்படியே இறங்க வேணும். பெறுகிறவரின் பெயரும் அடையாள அட்டையில் உள்ளபடி. வீட்டில் கூப்பிடும் பெயரைப் போட்டு வந்த வழக்குகள் உண்டு. அவர் அப்பாவுக்கு முதல் இறந்தால் யாருக்கு என்று ஒரு வரி. கடைசியாக, “மேலே சொல்லாத, இனி நான் தேடப்போகும் சொத்துகள் யாவும் இன்னாருக்கு” என்ற வரி. இது இல்லாவிட்டால் நாளைக்கு வாங்குகிற மாடு மறுபடி சட்டத்தின் பங்குக்குப் போகும்.

சாட்சியாக மருமகனைக் கூப்பிடாதீர்கள். சாட்சிக்கோ சாட்சியின் மனைவி, கணவனுக்கோ எழுதிய கொடை செல்லாது. மரணசாசனம் நிற்கும், அந்தப் பங்கு மட்டும் விழும். அப்பா எந்த நேரமும் மாற்றி எழுதலாம் என்பதும் ஒரு வசதி. நன்கொடை உறுதி எழுதிக் கொடுத்துவிட்டுப் பிறகு மனம் மாறிய பெற்றோர் பட்ட பாடு எனக்குத் தெரியும், ஆகவே நான் மரணசாசனத்தின் பக்கம்.

சித்தி போன வருடம் நொத்தாரிசுவிடம் போய்த் தன் பங்கை எழுதினா. தேசவழமையிலும் பெண் மரணசாசனம் எழுதக் கணவனின் சம்மதம் வேண்டாம். அவவுக்கு இப்போது அந்தக் கேள்வியும் இல்லை. காணி மூத்த மகளுக்கு. அதற்குக் கீழே தானாகச் சொல்லி ஒரு வரி எழுதுவித்தா: என் இளைய மகன் திரும்பி வந்தால் இதில் ஐந்து பேர்ச் அவனுக்கு, அவன் வரும்வரை அக்காவே அனுபவிக்கலாம். “எத்தனை வருடத்துக்குள் என்று போடுவம் அம்மா?” என்று நொத்தாரிசு கேட்டார். சித்தி கொஞ்ச நேரம் பேசாமல் இருந்துவிட்டு, “மகள் இருக்கும் வரைக்கும் என்று போடுங்கோ ஐயா” என்றா.