ரிப்போர்ட்டில் தடித்த எழுத்து: கேள்வி பதில்

மருத்துவமனை ஆய்வகத்தில் 31 வருடம் ரத்த மாதிரிகளோடு குப்பை கொட்டி ஓய்வு பெற்றவள் நான். டாக்டர் இல்லை, அதனால் மாத்திரை பற்றிக் கேட்காதீர்கள். ரிப்போர்ட்டின் ஓரத்தில் அச்சாகும் இயல்பு அளவு எங்கிருந்து வந்தது, அதைத் தாண்டினால் என்ன அர்த்தம் என்று கேளுங்கள்.

"மேடம், ஃபுல் பாடி செக்கப் எடுத்தேன். 40 டெஸ்டில் 2 மட்டும் தடித்த எழுத்தில் வந்திருக்கிறது. உடம்பில் எந்தத் தொந்தரவும் இல்லை. ஆனால் தூக்கம் போய்விட்டது."

40க்கு 2 என்பது கணக்குப்படி சரியாகவே வந்திருக்கிறது! இயல்பு அளவின் எல்லைக்கு வெளியே போனால் தடித்த எழுத்தில் அச்சாகும். அந்த எல்லையை எப்படிப் போடுகிறார்கள் தெரியுமா? நலமாக இருப்பவர்கள் குறைந்தது 120 பேரிடம் ரத்தம் எடுத்து, அளவுகளைச் சிறியதிலிருந்து பெரியதுவரை வரிசைப்படுத்துவார்கள். முதல் 3 பேரையும் கடைசி 3 பேரையும் ஒதுக்கிவிட்டு, நடுவில் இருக்கும் 114 பேரின் அளவைத்தான் இயல்பு என்று அச்சடிக்கிறார்கள். ஒதுக்கப்பட்ட அந்த 6 பேருக்கும் நோய் இல்லை. வரிசையில் ஓரத்தில் நின்றது மட்டும்தான் அவர்கள் செய்த தப்பு.

ஆக, ஒவ்வொரு டெஸ்டிலும் நலமான 20 பேரில் ஒருவர் வெளியே விழுவார் என்பது அந்த முறையிலேயே இருக்கிறது. ஒரே ஆளுக்கு 40 டெஸ்ட் செய்தால் சராசரியாக 2 வெளியே விழும். எவ்வளவு தாண்டியிருக்கிறது என்று பாருங்கள். எல்லை 40 என்றிருக்கும் எஸ்.ஜி.பி.டி. என்ற கல்லீரல் டெஸ்டில் 44 இருப்பது வேறு, 400 இருப்பது வேறு. தடித்த எழுத்து இரண்டுக்கும் ஒன்றுதான்.

"அக்கா, வெளிநாட்டு வேலைக்காக மெடிக்கல் எடுத்தேன். பிலிருபின் 1.8, எல்லை 1.2. அம்மா மஞ்சள் காமாலை என்று சொல்லி தினமும் கீழாநெல்லி அரைத்துக் கொடுக்கிறார்."

பிலிருபின் என்பது பழைய ரத்த அணுக்கள் உடையும்போது வரும் மஞ்சள் நிறமி. அதில் கல்லீரல் பதப்படுத்தி முடித்த பங்கான டைரக்ட் பிலிருபின் எவ்வளவு? எஸ்.ஜி.பி.டி., ஹீமோகுளோபின் எவ்வளவு? முந்தின நாள் என்ன சாப்பிட்டீர்கள்?

"டைரக்ட் 0.3. எஸ்.ஜி.பி.டி. 24. ஹீமோகுளோபின் 14.8. முந்தின நாள் வைகுண்ட ஏகாதசி, தண்ணீர் மட்டும்தான். இரவெல்லாம் கண் விழித்தேன்."

கதை அங்கேதான் இருக்கிறது. மொத்தம் 1.8இல் டைரக்ட் 0.3 போக, மீதி 1.5 இன்டைரக்ட். அதாவது கல்லீரல் இன்னும் கைவைக்காத பிலிருபின்தான் கூடியிருக்கிறது. கல்லீரல் அழற்சி என்றால் எஸ்.ஜி.பி.டி. 24இல் நிற்காது, எகிறியிருக்கும். பித்தக் குழாய் அடைப்பு என்றால் டைரக்ட் கூடியிருக்கும், சிறுநீர் அடர்ந்த நிறத்தில் போகும். ரத்த அணுக்கள் அதிகமாக உடைந்தாலும் இன்டைரக்ட் கூடும். ஆனால் ஹீமோகுளோபின் 14.8 இருப்பதால் அதற்கு வாய்ப்புக் குறைவு. இருந்தாலும் டாக்டர் அதற்கென்று ஒரு டெஸ்ட் கேட்டால் செய்துவிடுங்கள்.

இதெல்லாம் போக மிஞ்சுவது கில்பர்ட் என்ற ஒரு தன்மை. 1901இல் இதை விவரித்த பிரெஞ்சு மருத்துவரின் பெயர் அது. பிலிருபினைப் பதப்படுத்தும் என்சைம் பிறவியிலேயே கொஞ்சம் மந்தமாக இருக்கும், அவ்வளவுதான். பட்டினி, காய்ச்சல், தூக்கமின்மை என்று ஏதாவது வந்தால் அளவு ஏறும். சாப்பிட்டுத் தூங்கினால் தானாக இறங்கும். நீங்கள் பட்டினி, கண்விழிப்பு இரண்டையும் ஒரே ராத்திரியில் செய்துவிட்டு ரத்தம் கொடுத்திருக்கிறீர்கள். உங்களுக்கு இருப்பது இதுதானா என்று உங்கள் டாக்டர்தான் சொல்ல வேண்டும். ஆனால் எண்களெல்லாம் அந்தப் பக்கம்தான் கை காட்டுகின்றன.

"ஒரே வாரத்தில் இரண்டு லேப். தைராய்டு டெஸ்டான டி.எஸ்.எச். இரண்டிலும் 4.6தான். ஒன்றில் 'அதிகம்', இன்னொன்றில் நார்மல். எந்த லேப் போலி?"

இரண்டும் போலி இல்லை. இருவரும் ஒரே எண்ணைத்தான் சொல்லியிருக்கிறார்கள், கோடுதான் வேறு இடத்தில் இருக்கிறது. மெஷினும் டெஸ்டுக்கான ரசாயனக் கிட்டும் மாறினால் கோடும் மாறும். பல லேப்கள் 120 பேரைத் தேடிப் போவதில்லை. கிட்டோடு வரும் தாளில் உள்ள அளவை எடுத்துக்கொண்டு, உள்ளூர் ஆட்கள் 20 பேரிடம் சரிபார்ப்பார்கள். வெளியே விழுவது 2 பேருக்கு மேல் போகாவிட்டால் ஏற்றுக்கொள்வார்கள். அதையும் செய்யாமல் தாளை அப்படியே அச்சடிக்கும் இடங்களும் உண்டு.

டி.எஸ்.எச். நேரத்துக்கு நேரம் ஆடுகிற சரக்கு, காலையில் ஒன்று, மதியம் ஒன்று. 4.6ஐ வைத்து முடிவுக்கு வர முடியாது. இரண்டு மூன்று மாதம் கழித்து, அதே லேபில், அதே நேரத்தில், ஃப்ரீ டி4 என்ற தைராய்டு ஹார்மோனோடு சேர்த்துப் பார்ப்பதுதான் வழக்கம். மேல் எல்லையை எங்கே வைப்பது என்பதில், குறிப்பாக வயதானவர்களுக்கு, நிபுணர்களிடமே ஒருமித்த கருத்து இல்லை.

"அப்போ மூன்று மாதச் சராசரிச் சர்க்கரையைக் காட்டும் என் ஹெச்.பி.ஏ.1.சி. 6.7 வந்ததையும் விட்டுவிடலாம். எல்லையைக் கொஞ்சம்தானே தாண்டியிருக்கிறது!"

ஐயா, அவசரப்படாதீர்கள். அந்தக் கோடு ஆட்களை வரிசையில் நிறுத்திப் போட்டது இல்லை. சர்க்கரையால் கண் விழித்திரை கெடுவது எந்த அளவிலிருந்து கூடுகிறது என்பதைப் பார்த்து, 6.5 என்று முடிவு செய்தது. 5.7 முதல் 6.4 வரை எச்சரிக்கைக் கட்டம். நீங்கள் அதையும் தாண்டிவிட்டீர்கள். அறிகுறி இல்லாவிட்டால் இன்னொரு முறை பார்த்து உறுதி செய்வார்கள். இரும்புச்சத்துக் குறைவு இருந்தால் இந்த எண் பொய்யாக ஏறும் என்பதும் உண்மை. ஆனால் அதை டாக்டரிடம் போய்த் தெரிந்துகொள்ளுங்கள். கொழுப்பு டெஸ்டில் இருப்பதும் இதே மாதிரி முடிவுக் கோடுதான்.

"எல்லைக்குள் இருந்தால் கவலையே வேண்டாம், அதுதானே விஷயம்? அப்பாவுக்குச் சிறுநீரக டெஸ்டான கிரியாட்டினின் 1.1, எல்லை 1.2. டாக்டர் ஏன் முகம் சுளிக்கிறார்?"

பாதி சரி. போன வருட ரிப்போர்ட்டைப் பாருங்கள். அதில் 0.7 இருந்திருந்தால் டாக்டர் சுளித்தது நியாயம். ஒரே மனிதரின் கிரியாட்டினின் பெரிதாக ஆடாது. ஊருக்கெல்லாம் போட்ட கோடு அகலமானது, அப்பாவுடைய சொந்தக் கோடு குறுகியது. முந்தின நாள் மட்டன் பலமாகச் சாப்பிட்டிருந்தாலும் கொஞ்சம் ஏறும். அதனால் அது இல்லாமல் மறுபடி ஒரு முறை பார்ப்பது நல்லது.

"லேப்காரர்கள் தப்பே செய்ய மாட்டார்களா?"

செய்வோம். ஒரு நாள் பொட்டாசியம் 13, கால்சியம் 3 என்று மெஷின் காட்டியது. 13 இருந்தால் இதயம் நின்றிருக்கும். அந்த ஆள் வெளியே பெஞ்சில் உட்கார்ந்து டீ குடித்துக்கொண்டிருந்தார். டியூபில் ரத்தம் போதவில்லை என்று, ஊதா மூடி டியூபிலிருந்து கொஞ்சம் ஊற்றி நிரப்பியிருக்கிறார் புதிதாகச் சேர்ந்த பையன். ரத்தம் உறையாமலிருக்க அந்த டியூபில் போட்டிருப்பதே பொட்டாசியம் உப்புதான். கால்சியத்தையும் அது பிடித்துக்கொள்ளும். இவ்வளவு பெரிதாக இருந்தால் கண்டுபிடித்துவிடலாம். எல்லையைக் கொஞ்சமே தாண்டி 5.4 என்று வந்தால்தான் சிரமம். ரத்தம் எடுக்கும்போது முஷ்டியை மடக்கி மடக்கி விரித்தாலே அவ்வளவு ஏறும். மாதிரி மணிக்கணக்கில் கிடந்தாலும் ஏறும்.

"அக்கா, ஏகாதசி ஆள் மறுபடியும். மெடிக்கலுக்கு மறுபடி எப்போது கொடுக்கலாம்? அம்மா இன்னும் நம்பவில்லை."

ஒன்றிரண்டு வாரம் ஒழுங்காகச் சாப்பிட்டுத் தூங்கிவிட்டுக் கொடுங்கள். பிலிருபினுக்கு வெறும் வயிறு தேவையில்லை. வேறு டெஸ்ட் எதுவும் கூட இல்லை என்றால் காலையில் நாலு இட்லி சாப்பிட்டே போங்கள். டைரக்டையும் சேர்த்துப் பார்க்கச் சொல்லுங்கள். அதுவரை கீழாநெல்லி வேண்டாம். அளவு இறங்கினால், சோறு இறக்கியதா கீழாநெல்லி இறக்கியதா என்று வீட்டில் தனி வழக்கு நடக்கும்.