சிறிய சுத்திகரிப்பு நிலையத்தின் டிசைன் பேசிஸ் ரிப்போர்ட்: உள்ளீடு எது, அனுமானம் எது?

கேள்வி: நாளுக்கு 10 லட்சம் லிட்டர் குடிநீர் தரும் சிறிய சுத்திகரிப்பு நிலையத்துக்கு டிசைன் பேசிஸ் ரிப்போர்ட் எழுத வேண்டும். ஆற்று நீர், ஆலம், கிளாரிஃபையர், வேக மணல் வடிகட்டி, குளோரின். உள்ளீடுகள், அனுமானங்கள், தரநிலைகளை எப்படிப் பிரிப்பது? எதில் அதிகம் சறுக்குகிறார்கள்?

பதில்:

அறிக்கையில் வரும் ஒவ்வொரு எண்ணிடமும் "நீ தப்பாக இருந்தால் யார் பதில் சொல்வது?" என்று கேளுங்கள். திட்ட உரிமையாளர் எழுத்தில் கொடுத்ததும், ஆய்வகமோ சர்வேயோ அளந்து தந்ததும் உள்ளீடு. யாரும் தராததால் நீங்கள் வைத்துக்கொண்டது அனுமானம். அதற்கு நீங்கள்தான் பொறுப்பு. உங்கள் விருப்பத்துக்கு அப்பாற்பட்டு, வெளி ஆவணம் ஒன்று கட்டாயப்படுத்துவது தரநிலை. மூன்றையும் ஒரே அட்டவணையில் கலந்து "டிசைன் பாராமீட்டர்ஸ்" என்று தலைப்பிட்டுவிட்டால், ஒரு வருடம் கழித்து ஆலத்துக்குப் போட்ட 60 மி.கி. எங்கிருந்து வந்தது என்று யாராலும் சொல்ல முடியாது.

உங்கள் நிலையத்தையே எடுத்துக்கொண்டு, சறுக்கல் அதிகமான இரண்டு இடங்களை விரிவாகப் பார்ப்போம்.

ஓட்ட அளவு

"கொள்ளளவு: நாளுக்கு 10 லட்சம் லிட்டர்" என்று மட்டும் எழுதினால் அது உள்ளீடே அல்ல, பாதி வாக்கியம். நிலையத்துக்குள் நுழையும் நீரா, வெளியேறும் நீரா? 24 மணி நேரத்திலா, 20 மணி நேரத்திலா? 1,000 கன மீட்டரை 24-ஆல் வகுத்தால் மணிக்கு 41.7 கன மீட்டர். மின்தடைக்கும் ஷிஃப்ட் மாற்றத்துக்கும் இடம் விட்டு 20 மணி நேர ஓட்டம் என்று வைத்தால் 50. இதில் இழப்பு இன்னும் சேரவில்லை.

இழப்புக்கு 5 சதவீதம் என்று பழைய அறிக்கையிலிருந்து எடுத்து ஒட்டுவது வழக்கம். அதைச் சரிபார்க்க வடிகட்டியைக் கொஞ்சம் கணக்குப் போட்டுப் பார்த்தாக வேண்டும். கீழே வரும் கணக்குப்படி வடிகட்டி வழியே மணிக்கு 53.3 கன மீட்டர் போகும்; வடிகட்டும் வேகம் மணிக்கு 5 மீட்டர் என்றால் மொத்தப் பரப்பு சுமார் 10.7 சதுர மீட்டர். இதை இரண்டு படுகைகளாகப் பிரித்தால், ஒன்றைக் கழுவும்போது மற்றதில் வேகம் இரட்டிப்பாகி 10 மீட்டரைத் தொடும். பிடித்துவைத்த அழுக்கை மணல் கீழே விடத் தொடங்கும். ஆகவே தலா 2.0 × 1.8 மீட்டரில் மூன்று படுகைகள், மொத்தம் 10.8 சதுர மீட்டர். ஒன்று நின்றாலும் மற்ற இரண்டில் வேகம் 7.4 மீட்டர்தான்.

இப்போது பேக்வாஷ். மணிக்கு 36 மீட்டர் வேகத்தில் 10 நிமிடம் கழுவினால் ஒரு படுகைக்கு 21.6 கன மீட்டர். மூன்றையும் நாளுக்கு ஒருமுறை கழுவினால் 65. கிளாரிஃபையரிலிருந்து திறந்துவிடும் ஸ்லட்ஜோடு போகும் நீர் 16 கன மீட்டர் என்று வையுங்கள்.

```
வெளியே தர வேண்டியது    : 1000 கன மீ./நாள்
+ பேக்வாஷ்              :   65
= வடிகட்டி வழியே         : 1065 → 20 மணிக்கு 53.3 கன மீ./மணி
+ ஸ்லட்ஜ் இழப்பு         :   16
= நிலையத்துக்குள் நுழைவது : 1081 → 20 மணிக்கு 54 கன மீ./மணி
```

ஆக இழப்பு 7.5 சதவீதம், 5 அல்ல. 41.7-க்குக் கட்டிய நிலையம் முதல் மழைக்காலத்திலேயே திணறும். பேக்வாஷ் நீரைத் தெளியவைத்து மீண்டும் முகப்புக்கே கொண்டுவரலாம் என்பார்கள். கொண்டுவரலாம். அதனால் ஆற்றிலிருந்து எடுக்கும் அளவுதான் குறையும். கிளாரிஃபையரும் வடிகட்டியும் சுமக்கும் ஓட்டம் குறையாது. இந்த இரண்டு எண்களையும் அறிக்கையில் தனித்தனியாகக் காட்டுங்கள்.

இந்தக் கணக்கில் 1,000 மட்டுமே உள்ளீடு. 20 மணி நேரம், 24 மணிக்கு ஒரு கழுவல், 36 மீட்டர் வேகம், 16 கன மீட்டர் எல்லாம் அனுமானங்கள். காற்றடித்துக் கழுவும் முறைக்கு மாறினால் 65 குறையும், சங்கிலி முழுதும் மாறும். முடிவு எண்ணை மட்டும் எழுதாமல் சங்கிலியையே அறிக்கையில் வைக்கச் சொல்வது இதனால்தான்.

மூல நீரின் தரம்

பெரும்பாலான அறிக்கைகளில் குறைந்தபட்சம், சராசரி, அதிகபட்சம் என்று மூன்று நெடுவரிசை இருக்கும். பார்க்க ஒழுங்காக இருக்கும். ஆனால் எந்தக் கலங்கல் எந்தக் காரத்தன்மையோடு ஒரே நாளில் வந்தது என்ற செய்தி அதில் அழிந்துபோகிறது. கோடையில் கலங்கல் 20 என்.டி.யூ., காரத்தன்மை லிட்டருக்கு 110 மி.கி. (கால்சியம் கார்பனேட் கணக்கில்). பெருமழையில் கலங்கல் 400-க்கு ஏறும். அதே நாளில் மழைநீர் கலந்து காரத்தன்மை 35-க்கு இறங்கும். இரண்டு கெடுதலும் கைகோத்துத்தான் வரும்.

மழை நாள் நீரில் வெவ்வேறு ஆலம் அளவைக் கலந்து பார்க்கும் ஜார் டெஸ்டில் ஆலம் தேவை லிட்டருக்கு 60 மி.கி. என்று வருகிறது என்போம். ஒரு மி.கி. ஆலம் சுமார் அரை மி.கி. காரத்தன்மையைத் தின்னும். 60-க்கு 30 போனால் மிச்சம் 5. சராசரி 110-ஐ வைத்துக் கணக்கிட்டவர் சுண்ணாம்பே தேவையில்லை என்று எழுதியிருப்பார். அந்த 5-இல் பி.ஹெச். சரிந்து, ஆலம் திரட்டும் அழுக்குத் திரளான ஃப்ளாக் சிறிதாக, உதிரியாக நிற்கும். கரைந்த அலுமினியம் வடிகட்டியைக் கடந்து போகும். வடிகட்டி வாயில் நீர் தெளிவாக இருந்து, தெளிநீர்த் தொட்டியிலோ குழாயிலோ மீண்டும் மங்கினால் இதைத்தான் முதலில் சந்தேகிக்க வேண்டும். ஃப்ளாக் சரியில்லை என்று ஆபரேட்டர் ஆலத்தைக் கூட்டுவார். நிலைமை இன்னும் மோசமாகும்.

25 மி.கி. காரத்தன்மை மிஞ்ச வேண்டும் என்று இலக்கு வைத்தால் இன்னும் 20 சேர்க்க வேண்டும். ஒரு மி.கி. நீர்த்த சுண்ணாம்பு 1.35 மி.கி. காரத்தன்மை தரும், ஆக 14.8 மி.கி., தூய்மை 80 சதவீதம் என்றால் 18.5 மி.கி. நாளுக்கு 20 கிலோ. பெரிய செலவு இல்லை. ஆனால் கலவைத் தொட்டி, கிளறி, டோசிங் பம்ப், மூட்டை வைக்கும் இடம் எல்லாம் வரைபடத்தில் இருக்க வேண்டும், கட்டி முடித்த பிறகு அவற்றுக்கு இடம் கிடைக்காது.

இதே வரிசையில் ஆலம் பம்பும் முடிவாகிவிடும். மணிக்கு 54 கன மீட்டருக்கு 60 மி.கி. என்றால் 3.24 கிலோ, 10 சதவீதக் கரைசலாக மணிக்கு 32.4 லிட்டர். கோடையில் 10 மி.கி. போதுமானால் 5.4 லிட்டர். ஒரே பம்ப் இந்த இரண்டு எல்லைக்குள்ளும் துல்லியமாக ஓட வேண்டும். அதிகபட்சத்தை மட்டும் எழுதினால் பெரிய பம்ப் வந்து சேரும், வருடத்தில் முக்கால்வாசி நாள் அது அடிமட்ட ஸ்ட்ரோக்கில் தடுமாறும்.

ஆகவே அட்டவணையை நாள்வாரியாகக் கேளுங்கள்: தேதி, கலங்கல், பி.ஹெச்., காரத்தன்மை, வெப்பநிலை, நிறம், இரும்பு, மாங்கனீசு, அம்மோனியா. குறைந்தது ஒரு முழு மழைக்காலம் அதில் அடங்க வேண்டும். மழைக்காலத் தரவே இல்லையென்றால் 400, 35, 60 மூன்றையும் அனுமானம் என்றே எழுதுங்கள். ஒரே ஒரு கோடை மாதிரியின் ஆய்வக அறிக்கையை இணைத்துவிட்டு அதை உள்ளீடு என்று அழைப்பதுதான் இந்தத் தொழிலில் அதிகம் நடக்கும் ஏமாற்று. பெரும்பாலும் தன்னைத் தானே ஏமாற்றிக்கொள்வது.

தரநிலைகள்

பின்னிணைப்பில் நாற்பது தரநிலை எண்களை அடுக்குவதால் பயனில்லை. எந்தப் பதிப்பு, எந்த ஆண்டு, எதற்குப் பொருந்தும், இரண்டு முரண்பட்டால் எது மேலோங்கும் என்ற நான்கும் வேண்டும். இந்தியத் திட்டமானால் வெளிவரும் நீருக்கு ஐ.எஸ். 10500:2012, நீர் தேக்கும் கான்கிரீட்டுக்கு ஐ.எஸ். 3370. செயல்முறை அளவுகளுக்கு மத்திய அரசின் பொதுச் சுகாதாரப் பொறியியல் அமைப்பான சி.பி.எச்.இ.இ.ஓ.வின் கையேடு, இது வழிகாட்டிதான், எனவே ஒப்பந்தம் கட்டாயமாக்கியிருக்கிறதா என்று பாருங்கள். சட்டம், ஒப்பந்தம், தேசியத் தரநிலை, கையேடு என்ற இறங்குவரிசையை ஒரு வரியில் எழுதினால் பிற்பாடு பல கடிதங்கள் மிச்சம்.

"நீர் ஐ.எஸ். 10500-க்கு இணங்கும்" என்ற வாக்கியமும் போதாது. அதில் கலங்கலுக்கு ஏற்கத்தக்க வரம்பு 1 என்.டி.யூ.; வேறு நீராதாரம் இல்லாதபோது அனுமதிக்கப்படும் வரம்பு 5. உங்கள் வடிவமைப்பு எந்த எண்ணுக்கு? 1 என்று எழுதுங்கள். வடிகட்டி வாயில் அதைவிடக் கடுமையாக, 0.5 என்று சொந்த இலக்கு வைத்துக்கொள்ளலாம்; ஆனால் அது உங்கள் இலக்கு என்று தெரிய வேண்டும், தரநிலையின் பெயரில் ஒளியக் கூடாது. எங்கே மாதிரி எடுத்துச் சோதிப்பது என்பதையும் சேர்த்தே எழுதுங்கள்.

குளோரினிலும் இதே கதை. பி.ஹெச். 8-க்குக் கீழே, குறைந்தது 30 நிமிடத் தொடர்புக்குப் பிறகு லிட்டருக்கு 0.5 மி.கி. தனிக் குளோரின் மிஞ்ச வேண்டும் என்பது உலகச் சுகாதார நிறுவனத்தின் வழிகாட்டுதல். தெளிநீர்த் தொட்டியை நுழையும் 50 கன மீட்டருக்குக் கணக்கிட்டு 25 கன மீட்டர் போதும் என்று எழுதுகிறார்கள். வெளியேற்றும் பம்ப் 12 மணி நேரம்தான் ஓடுமானால் போகும் ஓட்டம் மணிக்கு 83. அரை மணிக்கு 42 கன மீட்டர். தொட்டிக்குள் தடுப்புச் சுவர்கள் நடுத்தரமாக இருந்தால் திறன் காரணி 0.5, ஆக 83 கன மீட்டர், அதுவும் தொட்டியின் மிகக் குறைந்த நீர்மட்டத்தில். பம்ப் ஓடும் நேரம் விநியோகப் பகுதியை வடிவமைப்பவரிடம் இருக்கும் எண். அதை அவரிடமிருந்து எழுத்தில் வாங்கி உள்ளீட்டில் சேருங்கள்.

அனுமானப் பட்டியல்

ஒவ்வொரு அனுமானத்துக்கும் நான்கு கட்டம் போதும்: மதிப்பு, எதை வைத்து, தப்பானால் எது மாறும், யார் எப்போதைக்குள் உறுதிசெய்ய வேண்டும். உதாரணமாக: "ஆலம் உச்ச அளவு 60 மி.கி./லி.; இதே ஆற்றின் கீழ்ப்பகுதியில் உள்ள நிலையத்தின் பதிவு; கூடினால் ஆலம், சுண்ணாம்புப் பம்புகள், கிடங்கு, ஸ்லட்ஜ் அளவு மாறும்; பம்ப் ஆர்டருக்கு முன் மழை நாள் ஜார் டெஸ்ட், உரிமையாளர்." உறுதியானதும் அந்த வரியை அழிக்காமல், திருத்த எண்ணோடு உள்ளீட்டு அட்டவணைக்கு மாற்றுங்கள். தேதி தாண்டியும் பதில் வராத வரிகளை ஒவ்வொரு திருத்தத்தின் முதல் பக்கத்திலும் போடுங்கள். கையெழுத்துப் போடுபவர் 32-ஆம் பக்கம்வரை படிக்க மாட்டார்.