ஒரு வரி, ஒரு பத்தி, ஒரு பக்கம்

வணக்கம் அண்ணா,

எம்.சி. ரோட்டில் ஒரு துணிக்கடையில் வேலை செய்கிறேன். தம்பி பத்தாம் வகுப்பு. ராத்திரி வீட்டுக்கு வந்ததும் அவனோடு உட்காருகிறேன். ஒவ்வொரு பாடத்தையும் ஒரு பக்கம், ஒரு பத்தி, ஒரு வரி என்று மூன்று அளவில் சுருக்கி வைக்கச் சொல்லியிருக்கிறார் அவன் அறிவியல் ஆசிரியர். இவன் புத்தகத்தைப் பார்த்து ஒரு பக்கம் எழுதுகிறான், அதில் பாதியை வெட்டிப் பத்தி என்கிறான், கடைசியில் ‘இதயத்தின் அமைப்பும் செயல்பாடும்’ என்று தலைப்பையே வரியாக எழுதி வைத்திருக்கிறான். மூன்றையும் படித்தால் ஒன்றையே மூன்று தடவை படித்த மாதிரி இருக்கிறது. இது உண்மையிலேயே உதவுமா? எப்படிச் செய்ய வேண்டும்?

ஒரு வாசகி, பழைய வண்ணாரப்பேட்டை

அன்புள்ள தங்கைக்கு,

உதவும். ஆனால் மூன்றுக்கும் வேலை வேறு, படிக்கும் நேரமும் வேறு. பாடம் நடத்தி முடித்த வாரத்துக்குப் பக்கம். காலாண்டு, அரையாண்டுக்கு முன்னால் பத்தி. பொதுத்தேர்வு வாரத்துக்கு வரி. தம்பி மூன்றையும் ஒரே ராத்திரியில், ஒன்றை வெட்டி இன்னொன்றாக எழுதுவதால்தான் ஒரே மாதிரி தெரிகிறது.

நீங்கள் சொன்ன இதயப் பாடத்தையே எடுத்துக்கொள்வோம். பக்கத்தை எழுதும்போது புத்தகம் மூடியிருக்க வேண்டும். முதலில் நிதானமாக ஒரு முறை படிக்கட்டும். பிறகு மூடி வைத்துவிட்டு, லாங் சைஸ் நோட்டில் ஒரு பக்கத்துக்குள் நினைவில் இருப்பதை எழுதட்டும். நான்கு அறைகள் கொண்ட படத்தையும் அப்படியே வரையட்டும். முடித்த பிறகு புத்தகத்தைத் திறந்து, விட்டுப்போனதையும் தப்பாக எழுதியதையும் சிவப்புப் பேனாவால் அதே பக்கத்தில் சேர்க்க வேண்டும். நீல மையில் இருப்பது அவனுக்குத் தெரிந்தது, சிவப்பில் இருப்பது தெரியாதது. மறுபடி படிக்கும்போது எங்கே நிற்க வேண்டும் என்று அந்தச் சிவப்பே காட்டிவிடும். பார்த்து எழுதிய பக்கத்தில் இந்த வித்தியாசம் தெரியாது.

மூடி வைத்து எழுதுவது முதலில் சிரமமாக இருக்கும், அவன் முரண்டு பிடிப்பான். அமெரிக்க உளவியலாளர்கள் ரோடிகரும் கார்பிக்கியும் 2006-இல் கல்லூரி மாணவர்களை வைத்து ஒரு சோதனை செய்தார்கள். ஒரு பகுதியைத் திரும்பத் திரும்பப் படித்தவர்கள் ஐந்து நிமிடம் கழித்து வைத்த தேர்வில் முன்னால் இருந்தார்கள். படித்ததைப் பார்க்காமல் நினைவுகூர்ந்து எழுதியவர்கள் இரண்டு நாள் கழித்தும் ஒரு வாரம் கழித்தும் முன்னால் இருந்தார்கள். திரும்பப் படித்தவுடன் எல்லாம் தெரிந்த மாதிரி இருப்பது அந்த ராத்திரிக்கு மட்டும்தான்.

அடுத்தது பத்தி. இது பக்கத்தின் பாதி அல்ல. எண்களும் பட்டியல்களும் பக்கத்திலேயே இருக்கட்டும். எது நடந்ததால் அடுத்தது நடக்கிறது என்ற தொடர் மட்டும் பத்திக்கு வர வேண்டும். இதயத்துக்கு இப்படி வரலாம்:

‘உடலைச் சுற்றி ஆக்சிஜன் குறைந்து வரும் இரத்தம் பெருஞ்சிரைகள் வழியாக வலது ஆரிக்கிளுக்கு வந்து, வலது வெண்ட்ரிக்கிளுக்கு இறங்கி, நுரையீரல் தமனி வழியாக நுரையீரலுக்குப் போகிறது. அங்கே ஆக்சிஜனை ஏற்றிக்கொண்டு நுரையீரல் சிரைகள் வழியாக இடது ஆரிக்கிளுக்குத் திரும்பி, இடது வெண்ட்ரிக்கிளுக்கு இறங்குகிறது. இடது வெண்ட்ரிக்கிள் உடல் முழுவதற்கும் தள்ள வேண்டியிருப்பதால் அதன் சுவர் தடிமனாக இருக்கிறது. வெண்ட்ரிக்கிள்களுக்குள் நுழையும் வழியிலும் வெளியேறும் வழியிலும் வால்வுகள் இருப்பதால் இரத்தம் பின்னோக்கி வராது. நுழையும் வழி மூடும்போது லப், வெளியேறும் வழி மூடும்போது டப்.’

இதில் ‘இருப்பதால்’ இரண்டு இடத்தில் வருகிறது பாருங்கள். தம்பி எழுதிய பத்தியில் ‘அதனால்’, ‘ஏனென்றால்’, ‘இருப்பதால்’ ஒன்றுகூட இல்லை என்றால் அது பட்டியல்தான், திருப்பிக் கொடுத்துவிடுங்கள். பத்தியை வாயால் சொல்லிப் பார்ப்பது நல்லது. கொருக்குப்பேட்டை கேட்டில் ரயிலுக்காக நிற்கும் நேரம் இதற்குப் போதும். ஏழு மதிப்பெண் கேள்விக்கு விடையின் முதுகெலும்பு இந்தப் பத்திதான்.

இனி வரி. ‘இதயத்தின் அமைப்பும் செயல்பாடும்’ என்பது எதைப் பற்றிய பாடம் என்று சொல்கிறது, பாடம் என்ன சொல்கிறது என்று சொல்லவில்லை. வரியில் வினைச்சொல் இருக்க வேண்டும்:

‘இதயம் ஒரு முழுச் சுற்றில் இரத்தத்தை இரண்டு முறை தள்ளுகிறது: வலப்பக்கம் நுரையீரலுக்கு, இடப்பக்கம் உடலுக்கு.’

காசிமேட்டில் கயிற்றைப் பிடித்து இழுத்தால் வலை முழுக்கக் கரைக்கு வருவதுபோல, இந்த வரியைப் பிடித்தால் பத்தி வர வேண்டும். ஏன் இரண்டு முறை? நுரையீரலின் நுண்குழாய்களுக்குள் புகுந்து வரும்போது இரத்தத்தின் அழுத்தம் குறைந்துவிடுகிறது, அதனால் உடலுக்கு அனுப்ப மறுபடி தள்ள வேண்டும். எந்தப் பக்கச் சுவர் தடிமன்? தூரமாகத் தள்ளும் பக்கம். நுரையீரல் தமனியில் ஏன் ஆக்சிஜன் குறைந்த இரத்தம்? தமனி என்றால் இதயத்திலிருந்து வெளியே கொண்டுபோகும் குழாய், வலப்பக்கத்திலிருந்து வெளியே போவது அந்த இரத்தம்தான். பிள்ளைகள் அதிகம் குழம்பும் இந்த இடத்தை மனப்பாடம் இல்லாமலே வரியிலிருந்து எடுத்துவிடலாம்.

வரியிலிருந்து எடுக்க முடியாதவையும் உண்டு. நிமிடத்துக்குச் சராசரியாக 72 துடிப்பு, ஒரு துடிப்புக்கு 0.8 நொடி, 120/80 இரத்த அழுத்தம், வலப்பக்கம் மூவிதழ் வால்வு, இடப்பக்கம் ஈரிதழ் வால்வு. எவ்வளவு யோசித்தாலும் இவை தானாக வராது. பக்கத்தின் ஓரத்தில் ஒரு கட்டம் போட்டு அதில் எழுதச் சொல்லுங்கள். ஒரு மதிப்பெண் கேள்விகள் பெரும்பாலும் இந்தக் கட்டத்திலிருந்துதான் வரும். வரியை மட்டும் நம்பிப் போகிற பிள்ளைக்கு விளக்கம் நன்றாக வரும், கோடிட்ட இடம் காலியாக நிற்கும்.

தேர்வு வாரத்தில் திசை மாறுகிறது. எழுதும்போது பக்கத்திலிருந்து வரிக்கு வந்தான், இப்போது வரியிலிருந்து பக்கத்துக்குப் போக வேண்டும். நீங்கள் வரியை மட்டும் வாசியுங்கள், அவன் பத்தியைச் சொல்லட்டும். சொல்லிவிட்டால் கட்டத்தையும் சிவப்பு மையையும் ஒரு பார்வை பார்த்துவிட்டு அடுத்த பாடத்துக்குப் போகலாம். தடுமாறினால் அந்த இடத்துக்கு மட்டும் பக்கத்தைத் திறக்க வேண்டும். புத்தகத்தைத் திறந்தால் முதல் எழுத்திலிருந்து படிக்க ஆரம்பித்துவிடுவான், நீங்கள் வீடு வந்து சேரும் நேரத்துக்கு அது கட்டாது.

இன்னொன்று. பாடநூலில் இந்த அலகின் தலைப்பே ‘தாவரங்களின் கடத்துதல் மற்றும் விலங்குகளின் சுற்றோட்டம்’. செடிக்குள் நீர் ஏறுவதும், இதயமும், இரத்த வகைகளும் ஒரே அட்டைக்குள் இருக்கின்றன. இவை மூன்றையும் ஒரே வரியில் அடக்கப் போய்த்தான் அவன் தலைப்பில் போய் நின்றிருப்பான் என்று நினைக்கிறேன். ஒரு பாடத்துக்கு ஒரு வரி என்பதில் பிடிவாதம் வேண்டாம், இந்த அலகுக்கு மூன்று பக்கம், மூன்று பத்தி, மூன்று வரி. இரத்த வகைக்கு, ‘சிவப்பணுவின் மேல் இருக்கும் ஆன்டிஜெனுக்கு எதிரான ஆன்டிபாடி பெறுபவரிடம் இருந்தால் அந்த இரத்தம் கட்டியாகிவிடும்’ என்று வைத்துக்கொள்ளலாம். யார் யாருக்குக் கொடுக்கலாம் என்ற அட்டவணையை அதிலிருந்தே போட்டுவிடுவான்.

தாவரப் பகுதிக்கான வரியை அவனே எழுதட்டும். சைலம் எதை எங்கே கொண்டுபோகிறது, ஃபுளோயம் எதை எங்கே கொண்டுபோகிறது என்ற இரண்டும் அதில் இல்லையென்றால், வரியைத் திருத்த வேண்டாம், பத்தியை மறுபடி எழுதச் சொல்லுங்கள்.

அன்புடன்,
அண்ணன்