ஸ்கிரீன்ஷொட்டில் உள்ள நெல் அட்டவணை: எந்த வடிவில் மாற்றுவது?

> "கிளிநொச்சியில் எங்கள் கமக்காரர் அமைப்பின் நெல் விலை அட்டவணை ஸ்கிரீன்ஷொட்டாக இருக்கிறது. பதிவில் போட மார்க்டவுனா, வெறும் எழுத்தா, சிஎஸ்வியா?"

வணக்கம். வாசிக்க மட்டும் என்றால் மார்க்டவுன் போதும்:

```
| நெல் | மூடை | விலை (ரூ.) |
|---|---:|---:|
| கீரிச்சம்பா | 42 | 9,500 |
| நாடு | 118 | 7,200 |
```

இரண்டாவது வரியை விட்டால் அட்டவணை உருவாகாது. அதிலுள்ள `:` எண்களை வலப்பக்கம் ஒதுக்கும். முன்னோட்டத்தில் `|` கோடுகள் அப்படியே தெரிந்தால், உங்கள் தளம் மார்க்டவுன் அட்டவணையை ஏற்கவில்லை. மூல மார்க்டவுனில் அட்டவணையே இல்லை, பிற்பாடு சேர்ந்த வசதி அது.

அப்போது வெறும் எழுத்துக்குத் தாவ வேண்டாம். ஆங்கிலத்தில் இடைவெளி விட்டு நிரல்களை நேராக்கலாம். தமிழில் 'கீ', 'ணை' போன்றவை வேறு வேறு அகலம், சம அகல எழுத்துருவிலும் பெரும்பாலும் ஒழுங்காக நிற்காது. உங்கள் கணினியில் நேராக நிற்பது கைபேசியில் குலைந்துவிடும். இரண்டு நிரல் என்றால் "கீரிச்சம்பா: 9,500 ரூபா" என்று வரிவரியாக எழுதுங்கள், அது எங்கும் உடையாது.

சிஎஸ்வியைப் பதிவுக்குள் ஒட்டினால் காற்புள்ளிகள்தான் தெரியும். யாராவது கூட்டிக் கழிக்கப் போகிறார்கள் என்றால் தனிக் கோப்பாக இணையுங்கள். அதில் `9,500` இரண்டு நிரலாகப் பிரிந்துவிடும், `9500` என்றே எழுதுங்கள். எக்செலில் `CSV UTF-8` என்று சேமியுங்கள், இல்லாவிட்டால் தமிழ் கேள்விக்குறிகளாகிவிடும்.

எதை எடுத்தாலும் முதலில் மூடைகளைக் கூட்டி, படத்திலுள்ள மொத்தத்தோடு ஒப்பிடுங்கள். படத்திலிருந்து எழுத்தாக்கும்போது 3 எளிதில் 8 ஆகிவிடும். விலை நிரலுக்கு மொத்தம் இல்லாததால், அதை ஒவ்வொன்றாகக் கண்ணால்தான் பார்க்க வேண்டும்.