கோடு போட்ட பட்டும் இல்லாத ஆரஞ்சும்: ரா கோப்பு குறித்த கேள்வி பதில்

சிக்பேட்டிலிருந்து: சேலைக் கடைக்காகப் படம் எடுக்கிறேன். கறுப்பும் வெள்ளையுமாக நெருங்கிய கோடுகள் உள்ள பட்டுச் சேலை ஒன்று, ஒரு மென்பொருளில் ஆரஞ்சும் நீலமுமாகத் திட்டுத் திட்டாகத் தெரிகிறது. இன்னொன்றில் சாம்பலாகத் தெரிகிறது. ரா கோப்பு ஒன்றே. எது உண்மை சார்?

இரண்டுமே ஊகம்தான். ஒன்றின் ஊகம் உங்கள் சேலைக்குப் பொருந்திவிட்டது.

ரா கோப்பு என்பது சென்சார் அளந்த எண்களின் தொகுப்பு; சென்சாரின் ஒவ்வொரு பிக்சலும் ஒரே ஒரு நிறத்தின் அளவை மட்டும் பதிவு செய்கிறது. கோடாக் நிறுவனத்தில் பணியாற்றிய பிரைஸ் பேயர் 1976-இல் காப்புரிமை பெற்ற அமைப்பில், ஒரு வரிசை சிவப்பு, பச்சை, சிவப்பு, பச்சை என்றும், அடுத்த வரிசை பச்சை, நீலம், பச்சை, நீலம் என்றும் செல்லும். விடுபட்ட இரண்டு நிறங்களையும் அண்டைப் பிக்சல்களிலிருந்து கணித்து நிரப்புவதே டிமொசைக்கிங்.

உங்கள் சேலையின் கோடுகள் சென்சாரில் சரியாக ஒரு பிக்சல் வெள்ளை, ஒரு பிக்சல் கறுப்பு என்று செங்குத்தாக விழுவதாகக் கொள்ளுங்கள். வெள்ளை 200, கறுப்பு 40. வெள்ளைக் கோடுகள் விழும் நெடுவரிசைகளில்தான் சிவப்புப் பிக்சல்கள் எல்லாம் இருக்கின்றன என்றால், சிவப்பு எங்கும் 200. நீலப் பிக்சல்கள் அனைத்தும் கறுப்பில் விழுவதால் நீலம் எங்கும் 40. பச்சை மட்டும் இரண்டிலும் பாதிப் பாதியாக விழுந்து சராசரியில் 120 ஆகிறது. 200, 120, 40 என்பது நல்ல ஆரஞ்சு. துணி சற்றே வளைந்து, கோடுகள் ஒரு பிக்சல் தள்ளி விழும் இடத்தில் கணக்குத் தலைகீழாகி, அதே துணி நீலமாகிறது. நீங்கள் கண்ட திட்டுகள் இவைதாம்.

சாம்பலாகக் காட்டிய மென்பொருள், இவ்வளவு சீக்கிரம் மாறும் நிறம் இயல்பில் அரிது என்று கருதி நிற வேறுபாட்டை அடக்கியிருக்கும். அதே அடக்குமுறை, சாம்பல் துணியில் உண்மையாகவே ஓடும் ஒற்றைச் சிவப்பு இழையையும் வெளிறச் செய்துவிடும் என்பதை மறக்க வேண்டாம். ஐயமிருந்தால் கேமராவை ஒரு முழம் பின்னுக்கு நகர்த்தி மீண்டும் எடுத்துப் பாருங்கள்: பொய் நிறம் இடம் மாறும், இழையின் நிறம் மாறாது. இரண்டையும் 100 சதவீத அளவில் வைத்துப் பாருங்கள். திரைக்கு ஏற்பச் சுருக்கிய படத்தில் சுருக்கமே புதிய அலைக்கோடுகளை உண்டாக்கும்.

எலக்ட்ரானிக் சிட்டியிலிருந்து: அண்டைப் பிக்சல்களின் சராசரி எடுத்தால் போதாதா? நான்கு வரி நிரலில் முடிந்துவிடும். இதற்கு ஏன் இத்தனை வழிமுறைகள்?

நிரல் முடியும், விளிம்பு முடியாது. இடப்பக்கம் 200, வலப்பக்கம் 40 என்று ஒரு செங்குத்து விளிம்பை எடுத்துக்கொள்ளுங்கள். வெளிச்சப் பக்கத்தின் கடைசி நெடுவரிசையில் ஒரு சிவப்புப் பிக்சல் இருக்கிறது. அதன் பச்சை அண்டைகளில் மேல், கீழ், இடம் ஆகிய மூன்றும் 200, வலம் 40. சராசரி 160. அதே நெடுவரிசையின் அடுத்த பிக்சல் பச்சையே ஆதலால் அளந்த 200 அப்படியே நிற்கிறது. ஆக, விளிம்பு நெடுகிலும் 160, 200, 160, 200 என்று பல் பல்லாக ஜிப் போன்ற தடம் விழுகிறது.

நல்ல வழிமுறை முதலில் திசை பார்க்கும். மேலும் கீழும் வேறுபாடு பூஜ்யம், இடமும் வலமும் வேறுபாடு 160. எனவே விளிம்பு செங்குத்து என்று முடிவு செய்து, மேல் கீழ் அண்டைகளை மட்டும் எடுத்து 200 என்று சரியாக நிரப்பும். இனி மேலே சொன்ன சேலைக்கு வாருங்கள். அங்கே சிவப்புப் பிக்சலின் மேலும் கீழும் 200, 200. இடமும் வலமும் 40, 40. இரு திசைகளிலும் வேறுபாடு பூஜ்யம். திசை காட்டும் தடயமே கோப்பில் இல்லாத இந்த இடத்தில்தான் ரா கோப்பைப் படமாக்கும் கன்வர்ட்டர்கள் பிரிகின்றன. dcraw நிரலில் நீங்களே பார்க்கலாம். 0 என்பது எளிய சராசரி, 3 என்பது திசை பார்க்கும் AHD.

```
dcraw -c -w -T -q 0 a.nef > q0.tiff
dcraw -c -w -T -q 3 a.nef > q3.tiff
```

அல்சூரிலிருந்து: இதெல்லாம் வீண் வாதம். மென்பொருள்களுக்கு இடையே தெரியும் வேறுபாடு முழுவதும் ஷார்ப்பனிங்தான்.

பாதி சரி. இயல்பு அமைப்பிலேயே ஒப்பிட்டால் கண்ணில் படுவதில் பெரும்பகுதி ஷார்ப்பனிங், இரைச்சல் நீக்கம், டோன் கர்வ் ஆகியவற்றின் வேலை. அவற்றை நிறுத்தாமல் செய்த ஒப்பீட்டை நான் ஏற்பதில்லை. ஆனால் மேலே கொடுத்த இரண்டு கட்டளைகளும் ஷார்ப்பனிங் செய்வதில்லை. அவற்றின் விளைவுகளை 100 சதவீதத்தில் வைத்துப் பார்த்துவிட்டு வாருங்கள்.

மல்லேஸ்வரத்திலிருந்து: என் 24 மெகாபிக்சல் கேமராவில் உண்மையில் எத்தனை?

பச்சை 12 மில்லியன், சிவப்பு 6, நீலம் 6.

இந்திராநகரிலிருந்து: இருபதாயிரத்துக்குள் நிறம் நன்றாக வரும் போன் எது அண்ணா?

வேறு யாரையாவது கேளுங்கள்.

ஜெயநகரிலிருந்து: அதிக ஐஎஸ்ஓவில் எடுத்த நாட்டியப் படங்களில் நிழல் பகுதியெங்கும் புழுப் போன்ற வளைகோடுகள். லென்ஸ் பழுதா?

லென்ஸ் அன்று. திசை பார்க்கும் வழிமுறை இரைச்சலையும் விளிம்பு என்று நம்பி, இல்லாத கோடுகளை வரைகிறது. ராதெரபி மென்பொருளில் AMaZE வழிமுறை இருந்தால் LMMSE-க்கு மாற்றிப் பாருங்கள். நுண்விவரம் சற்றுக் குறையும், வளைகோடுகள் அடங்கும்.

ஒயிட்பீல்டிலிருந்து: எக்ஸ்-டிரான்ஸ் சென்சார் வாங்கினால் இந்தத் தொல்லை எதுவும் இல்லை. ஏன் அதைச் சொல்லவில்லை?

2012-இல் ஃபியூஜிஃபிலிமின் எக்ஸ்-புரோ1 கேமராவுடன் வந்த அந்த அமைப்பில் 36 பிக்சல்கள் கொண்ட ஒரு கட்டத்தில் 20 பச்சை, 8 சிவப்பு, 8 நீலம். ஒவ்வொரு வரிசையிலும் நெடுவரிசையிலும் மூன்று நிறங்களும் உண்டு என்பதால், நான் சொன்ன சேலைக் கணக்கு அங்கே அப்படியே நடக்காது; இது உண்மையான நன்மை. ஆனால் சிவப்பும் நீலமும் பேயரைவிடக் குறைவு, இடைவெளியும் சீராக இல்லை.

அதே ஒயிட்பீல்ட் நண்பர்: ஆறு ஆண்டுகளாகப் பயன்படுத்துகிறேன், ஒருமுறைகூடப் பொய் நிறம் வந்ததில்லை.

குறுக்கே அல்சூர்: புல்வெளிப் படத்தை ஷார்ப்பன் செய்தால் பெயின்ட் அடித்ததுபோல் ஆகுமே, அதைச் சொல்லுங்கள்.

இருவரும் வெவ்வேறு கன்வர்ட்டர்களில் பார்த்ததைப் பேசுகிறீர்கள். எக்ஸ்-டிரான்ஸுக்கான மார்க்கெஸ்டீன் வழிமுறையில் மூன்று சுற்று முறையைத் தேர்ந்தெடுத்து, ஷார்ப்பனிங்கை நிறுத்தி, அதே புல்லைக் காட்டினால் வாதம் முன்னேறும். எந்த அமைப்பு மேல் என்று இங்கே என்னால் தீர்ப்புச் சொல்ல இயலாது.

மீண்டும் சிக்பேட்: அப்படியானால் எடுக்கும்போதே தவிர்க்க வழி?

எஃப்/16 வரை அபெர்ச்சரைச் சுருக்கினால் ஒளியின் விளிம்பு விளைவே கோடுகளைச் சற்று மழுக்கும். விவரமும் சற்றுப் போகும். உங்கள் கேமராவில் பிக்சல் ஷிஃப்ட் இருந்தால், சென்சார் ஒவ்வொரு பிக்சலாக நகர்ந்து நான்கு படங்கள் எடுத்து, ஒவ்வொரு இடத்திலும் மூன்று நிறங்களையும் அளந்துவிடும். ஊகத்துக்கு வேலையே இல்லை. ஆனால் சேலையை மேசையில் விரித்து, முக்காலி வைத்து, மின்விசிறியை நிறுத்திவிட்டு எடுக்க வேண்டும். மாடல் உடுத்தி நின்றால் இது பயன்படாது.

பெயரில்லாத நான்கு பேரிடமிருந்து: எல்லாம் சரி, எந்தக் கன்வர்ட்டர் சிறந்தது?

எந்தப் படத்துக்கு என்று எழுதாத கேள்விகளுக்கு இனி பதில் இல்லை. எழுதும்போது 100 சதவீதத்தில் வெட்டிய துண்டையும் சேர்த்து அனுப்புங்கள்.