பதில் வராத புகாருக்கு வழி இருக்கிறதா?

கேள்வி: நூறு பேர் வேலை செய்யும் நிறுவனம் எங்களுடையது. பணியாளர் குறைதீர் நடைமுறை எழுதும் பொறுப்பு என் தலையில் விழுந்திருக்கிறது. கட்டம், காலக்கெடு, ரகசியம், மேல்முறையீடு இதையெல்லாம் எப்படி எழுதுவது?

நூறு பேருக்கு மூன்று கட்டம் போதும்: நேரடி மேலாளர், துறைத் தலைவர், மேல்முறையீடு. முதலில் நேரடி மேலாளர், அங்கே தீராவிட்டால் மேலே என்ற இந்த வரிசையைத்தான் சர்வதேசத் தொழிலாளர் அமைப்பின் 1967-ஆம் ஆண்டுப் பரிந்துரையும் சொல்கிறது. மேலாளர் மீதே புகார் என்றால் நேராக இரண்டாம் கட்டத்துக்குப் போகலாம் என்று ஒரு வரி சேர்த்துவிடுங்கள்.

வரைவுகள் பெரும்பாலும் கோட்டை விடுவது காலக்கெடுவில்தான். ‘மூன்று வேலை நாளில் பதில் தரப்படும்’ என்று இருக்கும். தராவிட்டால் என்ன ஆகும் என்று இருக்காது. ஒருவருக்கு இரவுப் பணிப் படி சம்பளத்தில் விட்டுப்போகிறது என்று வையுங்கள். திங்களன்று மேலாளரிடம் எழுதிக் கொடுத்து, தேதியும் எண்ணும் போட்ட ஒப்புகை வாங்குகிறார். செவ்வாயன்று மேலாளர் விடுப்பில் போய்விடுகிறார். வியாழனோடு கெடு முடிந்தது. இனி அவர் நினைவூட்டல் எழுதிக்கொண்டே இருக்க வேண்டியதுதான், அதற்குள் அடுத்த மாதச் சம்பளமும் போட்டுவிடுவார்கள். ‘கெடுவுக்குள் பதில் வராவிட்டால் மனு தானாகவே அடுத்த கட்டத்துக்குச் சென்றதாகக் கொள்ளப்படும்’ என்று எழுதியிருந்தால், வெள்ளிக்கிழமை அதே மனு துறைத் தலைவர் மேசையில் இருக்கும். அவருக்கு ஏழு வேலை நாள் கொடுங்கள். நீட்டிப்பு ஒரே முறைதான். அதையும் காரணத்தோடும் புதிய தேதியோடும் எழுத்தில் தர வேண்டும்.

ரகசியத்தில் ‘முழு ரகசியம் காக்கப்படும்’ என்று மட்டும் எழுதாதீர்கள், காப்பாற்ற முடியாது. இந்தப் படி விவகாரத்திலேயே சம்பளப் பிரிவு பணிப் பதிவேட்டைப் பார்த்தாக வேண்டும். ஒரு ஆளைப் பற்றிய புகார் என்றால், குற்றச்சாட்டு என்னவென்று தெரியாமல் அவர் எப்படிப் பதில் சொல்வார்? யார் யாருக்குத் தெரியும் என்பதைப் பதவி வாரியாக எழுதிவிடுங்கள். புகார்க் கோப்பைப் பணியாளரின் தனிக் கோப்போடு சேர்க்கக் கூடாது. சேர்த்தால் அடுத்த பணி மதிப்பீட்டில் அது யார் கண்ணிலாவது படும். புகார் கொடுத்ததற்காக இடமாற்றம், ஷிஃப்ட் மாற்றம் என்று பழிவாங்கினால் அதுவே தனிக் குற்றம் என்றும் எழுதுங்கள்.

மேல்முறையீட்டுக்குப் பத்து வேலை நாள் அவகாசம் சரியாக இருக்கும். எந்த நாளிலிருந்து எண்ணுவது? முடிவு எழுத்தில் கைக்கு வந்த நாளிலிருந்து. அந்த முடிவில் காரணம் இருந்தாக வேண்டும். வெறும் ‘மனு ஏற்கப்படவில்லை’ என்ற ஒரு வரியை வைத்துக்கொண்டு யாரும் எதை மறுத்து எழுத முடியும்? விசாரித்தவரோ முடிவு சொன்னவரோ மேல்முறையீட்டைக் கேட்கக் கூடாது. உங்கள் அளவு நிறுவனங்களில் இங்கேதான் சிக்கல் வரும், இரண்டாம் கட்டத்திலேயே முதலாளி உட்கார்ந்துவிடுவார். அவரை மேல்முறையீட்டுக்கென்று ஒதுக்கி வையுங்கள். அவர் மீதே புகார் என்றால் கேட்பதற்கு, நிறுவனத்துக்கு வெளியே இருந்து ஒருவரை இப்போதே பேசி வைத்துவிடுங்கள்.