நூலளவும் லிட்டரும்: வாசகர் கேள்விகள்

தோட்டத்திற்கு 1,000 லிட்டர் என்று சொல்லி விற்ற உருண்டைத் தொட்டி ஒன்றை வாங்கினேன். அகலமான இடத்தில் நூல் சுற்றிப் பார்த்தால் 366 செ.மீ. வருகிறது. சுவரின் தடிமன் 1 செ.மீ. நான் ஏமாற்றப்பட்டேனா?
*வாசகர், தென்காசி*

ஆம், ஏமாற்றப்பட்டிருக்கிறீர்கள், கணக்கு உங்கள் பக்கமே நிற்கிறது. சுற்றளவை அதே எண்ணால் இருமுறை பெருக்கி, வரும் தொகையை 59.2ஆல் வகுத்தால் உருண்டையின் கொள்ளளவு கன சென்டிமீட்டரில் கிடைக்கும். அதை 1,000ஆல் வகுத்தால் லிட்டர். (59.2 என்பது 3.14 என்னும் பை எண்ணின் வர்க்கத்தை ஆறால் பெருக்கி வரும் எண்.) ஆனால் நூல் சுற்றியது வெளிச்சுவரை, தண்ணீர் நிற்பதோ உட்சுவருக்குள். சுவரின் தடிமனில் ஒவ்வொரு சென்டிமீட்டருக்கும் நூலளவில் 6.28 செ.மீ. கழிக்க வேண்டும், தொட்டி சிறியதானாலும் பெரியதானாலும் இந்தக் கழிவு மாறாது. உங்கள் 366 ஏறக்குறைய 360 ஆகிறது. 360ஐ மும்முறை பெருக்கினால் 4,66,56,000, அதை 59.2ஆலும் பிறகு 1,000ஆலும் வகுத்தால் 788 லிட்டர்தான். உள்ளே 1,000 லிட்டர் கொள்ள வேண்டுமானால் வெளியே நூல் சுமார் 396 செ.மீ. காட்டியிருக்க வேண்டும். முப்பது சென்டிமீட்டர் நூல் குறைந்ததில் 212 லிட்டர் காணாமற்போயிற்று.

என் நெடுநாள் மனக்குறையும் இதுதான். உருண்டை வடிவம் கண்ணை ஏய்க்கும் என்பது விற்பவருக்குத் தெரியும். நீள அகலம் கேட்கும் நாம், உருண்டைக்கு மட்டும் அவர் வாயில் வரும் லிட்டரை நம்பிவிடுகிறோம். 20 லிட்டர் என்று சொல்லி ஒரு கடையில் எனக்குக் கொடுத்த கண்ணாடி மீன்தொட்டியில் நூல் 88 செ.மீ. காட்டியது. முழு உருண்டையாக இருந்தாலே அது பதினொன்றரை லிட்டர். வெட்டிய வாயையும் தட்டையான அடியையும் கழித்தால் இன்னும் குறைவு.

புகார் எழுதும் முன் இரண்டு சோதனைகள் செய்யுங்கள். முதலாவது, தொட்டி உண்மையிலேயே உருண்டைதானா என்பது: 366ஐ 3.14ஆல் வகுத்தால் குறுக்களவு 116.5 செ.மீ.; கழுத்தையும் காலையும் விட்டுவிட்டு உயரத்தை அளந்தாலும் இதே அளவு வர வேண்டும். உயரம் பத்தில் ஒரு பங்கு குறைந்தால் கொள்ளளவும் பத்தில் ஒரு பங்கு குறையும். இரண்டாவது, தொட்டியைக் காலி செய்து, அளவு தெரிந்த 20 லிட்டர் கேனால் எண்ணி ஊற்றுங்கள். நாற்பதாவது கேன் முழுவதும் கொள்ளாமல் வழிந்தால், அது எந்தச் சூத்திரத்தையும் விட வலுவான சான்று. ரசீதையும் படங்களையும் இணைத்து விற்பனையாளருக்கு எழுத்தில் அனுப்புங்கள். அவர் அசையாவிட்டால் தேசிய நுகர்வோர் உதவி எண் 1915. அதன் பின் மாவட்ட நுகர்வோர் ஆணையம். ஆணையத்திற்கு இரண்டு ஆண்டுகளுக்குள் போக வேண்டும்.

உருண்டைத் தண்ணீர்த் தொட்டியை நைலான் கயிற்றால் சுற்றிக் குறியிட்டு, கயிற்றைத் தரையில் போட்டு அளந்தேன்: 382 செ.மீ. கடைக்காரர் 390 என்கிறார். எட்டு சென்டிமீட்டருக்காக அவரோடு சண்டையே நடந்துவிட்டது.
*வாசகர், ஈரோடு*

நைலானை இழுத்துச் சுற்றினால் நீளும், அவிழ்த்துப் போட்டால் சுருங்கும். சுருங்கிய கயிற்றை வைத்துக்கொண்டு ஒருவரைத் திருடர் என்பது முறையன்று. நீளாத பருத்தி நூலையோ நாடாவையோ எடுத்து, மேலும் கீழும் நகர்த்தி, மிக அதிகமாக வரும் அளவைக் குறித்துக்கொள்ளுங்கள். நூல் நடுவிலிருந்து நழுவினாலும் அளவு குறையும். வார்ப்பு விளிம்பின் மேல் நூல் ஏறினால் அளவு வீணாய்க் கூடும். நூலளவில் நூற்றுக்கு இரண்டு பிழைத்தால் கொள்ளளவில் ஏறக்குறைய ஆறு பிழைக்கும். உங்கள் எட்டு சென்டிமீட்டர் அறுபது லிட்டருக்குச் சமம். முதலில் சரியாக அளந்துவிட்டு எழுதுங்கள்.

மகனுக்கு ஐந்தாம் எண் கால்பந்து என்று கொடுத்தார்கள். காற்றடித்தபின் நூல் 64 செ.மீ. காட்டுகிறது.
*வாசகர், மதுரை*

அது நான்காம் எண் பந்து. ஐந்தாம் எண்ணுக்கு 68 முதல் 70 செ.மீ. வேண்டும், திருப்பிக் கொடுங்கள்.

தர்பூசணியை எடை போடாமல் உருப்படிக் கணக்கில் விற்கிறார்கள். நூல் அளவு 60 செ.மீ. உள்ளது 60 ரூபாய், 66 உள்ளது 75 ரூபாய். எது லாபம்?
*வாசகர், திண்டிவனம்*

பெரியது. நூலில் பத்தில் ஒரு பங்குதான் கூடுதல், ஆனால் பழத்தில் மூன்றில் ஒரு பங்கு கூடுதல். விலையோ கால் பங்குதான் ஏறியிருக்கிறது. இரண்டும் நன்கு உருண்டையாக இருந்தால்தான் இந்தக் கணக்கு. நீள்பழத்திற்கு நூலை நம்ப வேண்டாம், தராசைக் கேளுங்கள்.

பித்தளைக் குடத்திற்கும் இதே கணக்கு பொருந்துமா?
*வாசகர், கும்பகோணம்*

பொருந்தாது. லிட்டர் படியால் தண்ணீர் ஊற்றி அளந்துகொள்ளுங்கள்.